ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் ஒரு பிரீவியூ: இருபதாவது ஏன் எழ மறுக்கிறது?

எபேன் ஆறாம் மாடி · 3 பிப்ரவரி 2025, காலை 9.40

மொரீஷியஸின் சிறிய விடுதிகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதும் அலுவலகம் எங்களுடையது. புல் ரிக்வெஸ்ட் திறந்தவுடன் அந்தக் கிளையை மட்டும் வைத்து ஒரு முழு நகல் எழுந்து, `pr-231.preview` என்று தொடங்கும் முகவரி கருத்துப் பகுதியில் வந்து விழும்படி ஐந்து மாதத்துக்கு முன்பே கட்டிவிட்டேன். நிரல் படிக்கத் தெரியாதவர்களும் அதைச் சொடுக்கிப் பார்த்துக் குறை சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. இன்று 231 எழுந்தது. முகப்பு திறக்கிறது; அறைகளின் பட்டியலைத் தொட்டால் 500. மறுதொடக்கம் செய்தால் 231 சரியாகிறது, ஆனால் பத்து நிமிடத்தில் 219 விழுகிறது. 219ஐத் தூக்கி நிறுத்தினால் 224. பதிவேட்டில் இதுதான் இருக்கிறது:

```
FATAL:  remaining connection slots are reserved for roles with the SUPERUSER attribute
```

மூன்று கிளைகளிலும் தரவுத்தளத்தைத் தொடும் மாற்றம் எதுவும் இல்லை. எங்கே தேடுவது?

பெயர் எதற்கு · 3 பிப்ரவரி, காலை 9.52

`max_connections` போஸ்ட்கிரெஸில் இயல்பாக 100. அதை 500 ஆக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

எபேன் ஆறாம் மாடி · 3 பிப்ரவரி, காலை 10.15

500 வேண்டாம் என்று 200 வைத்தேன். எல்லாம் எழுந்துவிட்டன. நன்றி, இழையை மூடிவிடலாம்.

எபேன் ஆறாம் மாடி · 3 பிப்ரவரி, காலை 11.30

மூட வேண்டாம். தேநீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் குழுவில் ஆறு பேர். நூறு இணைப்புகளை யார் தின்கிறார்கள்?

ரோஸ் ஹில் பழையவன் · 3 பிப்ரவரி, பிற்பகல் 1.05

தம்பி, அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பிரீவியூவும் எத்தனை இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும்? ஐந்து என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறில் மூன்று நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை, மிச்சம் 97. பத்தொன்பது பிரீவியூ 95ஐ எடுத்துக்கொள்ளும். இருபதாவதற்குக் கிடைப்பது இரண்டு. முகப்புக்குத் தரவுத்தளம் வேண்டாம், அதனால் அது திறந்தது. மறுதொடக்கம் செய்தவன் முதலில் ஓடிப்போய் ஐந்தைப் பிடித்துக்கொள்கிறான், வேறொருவன் வெளியே நிற்கிறான். பஸ்ஸில் இருக்கை பிடிக்கிற மாதிரி.

இனி இரண்டு எண்களைச் சொல்லுங்கள். திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட் எத்தனை? `pr_` என்று தொடங்கும் தரவுத்தளங்கள் எத்தனை?

எபேன் ஆறாம் மாடி · 3 பிப்ரவரி, பிற்பகல் 1.20

இணைப்பு ஐந்துதான், நான் வைத்ததேதான். திறந்திருப்பவை 8. தரவுத்தளங்கள் 20.

ஆக, பன்னிரண்டு பேய்கள். புல் ரிக்வெஸ்ட் செத்துவிட்டது, பிரீவியூ மட்டும் நடமாடுகிறது.

பி.கு: தம்பி இல்லை ஐயா. தங்கை.

ரோஸ் ஹில் பழையவன் · 3 பிப்ரவரி, பிற்பகல் 1.24

மன்னிக்க வேண்டும் அம்மா. எபேனில் ஆறாம் மாடி என்றதும் பழைய நினைப்பில் எழுதிவிட்டேன்.

பெயர் எதற்கு · 3 பிப்ரவரி, பிற்பகல் 2.10

காரணம் தெரிந்துவிட்டது. `pull_request` என்று மட்டும் எழுதினால் கிட்ஹப் மூன்று நிகழ்வுகளுக்குத்தான் வேலையைத் தொடங்கும்: திறந்தபோது, புதிய கமிட் வந்தபோது, மறுபடி திறந்தபோது. மூடியது அதில் சேராது, தனியாக எழுத வேண்டும். நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள்.

எபேன் ஆறாம் மாடி · 3 பிப்ரவரி, பிற்பகல் 2.31

எழுதியிருக்கிறேன்.

```yaml
on:
  pull_request:
    types: [opened, synchronize, reopened, closed]
```

ஐந்து மாதத்தில் நூற்றுக்கும் மேல் பிரீவியூக்கள் ஒழுங்காகத்தான் கலைந்திருக்கின்றன. கலையாதவை இந்தப் பன்னிரண்டு மட்டும்.

சாட்ஸ்வர்த் மாமா · 3 பிப்ரவரி, மாலை 6.48

டர்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோவில் இணையத்தளத்தில் காவடி நிகழ்ச்சி நிரலை வெளியிடுமுன் குழுத் தலைவருக்குக் காட்ட வேண்டும். வேர்ட்பிரஸில் முன்னோட்டப் பொத்தான் இருக்கிறது, ஆனால் அந்த முகவரியை அவருக்கு அனுப்பினால் திறக்கவில்லை. நீங்கள் பேசுவது அதுதானே? தைப்பூசம் 11ஆம் தேதி. அவசரம்.

ரோஸ் ஹில் பழையவன் · 3 பிப்ரவரி, இரவு 8.15

மாமா, நாங்கள் பேசுவது வேறு. வேர்ட்பிரஸின் வரைவு முன்னோட்டம் உள்நுழைந்தவருக்குத்தான் தெரியும். தலைவருக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுங்கள். கடவுச்சொல்லை மறந்துவிடுவார் என்றால் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். ஒரு பக்க நிகழ்ச்சி நிரலுக்கு அது போதும்.

பெயர் எதற்கு · 4 பிப்ரவரி, காலை 8.30

எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. பிரீவியூ ஒவ்வொன்றுக்கும் ஏன் தனித் தரவுத்தளம்? எல்லாவற்றையும் ஒரே சோதனைத் தரவுத்தளத்தில் இணைத்துவிட்டால் பேயும் இல்லை, இணைப்புக் கணக்கும் இல்லையே. எங்கள் இடத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

எபேன் ஆறாம் மாடி · 4 பிப்ரவரி, காலை 10.05

முதல் மூன்று வாரம் நாங்களும் அப்படித்தான் வைத்திருந்தோம். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஒரு பையன் முன்பதிவு அட்டவணையில் `guest_name` என்ற பத்தியின் பெயரை `lead_guest` என்று மாற்றினான். நல்ல மாற்றம்தான், ஒரு அறைக்கு நான்கு பேர் வந்தால் யார் பெயரில் பதிவு என்பது அதுவரை குழப்பமாகவே இருந்தது. அவனுடைய பிரீவியூ எழும்போது மைக்ரேஷனும் ஓடியது. ஓடியது பொதுவான தரவுத்தளத்தில். அந்த நொடியிலிருந்து மற்ற ஆறு பிரீவியூக்களும் இல்லாத பத்தியைத் தேடி 500 காட்டத் தொடங்கின. அவற்றின் நிரலில் பிழையே இல்லை.

அதன்பின் வந்ததுதான் மோசம். ரிசர்வேஷன் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். நிரல் தெரியாது, ஆனால் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சோதிப்பார். அன்று ஐந்து முகவரிகளைத் திறந்தார், ஐந்திலும் 500. "உங்கள் நகல் எப்போதும் உடைந்துதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இரண்டு வாரம் அவர் எதையும் சொடுக்கவில்லை. உடைந்தது யாருடைய மாற்றத்தால் என்று பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால் அந்த முகவரியைக் கொடுத்து என்ன பயன்?

அதனால் மாற்றினேன். `preview_template` என்று ஒரு வார்ப்புத் தரவுத்தளம். புல் ரிக்வெஸ்ட் திறந்தால் அதிலிருந்து ஒரு பிரதி:

```sql
CREATE DATABASE pr_231 TEMPLATE preview_template;
```

அதன்மேல் அந்தக் கிளையின் மைக்ரேஷன்கள் மட்டும் ஓடும். வார்ப்பு 180 எம்பி; பிரதி எடுக்கச் சில நொடிகள்தான். பத்தியின் பெயரை மாற்றுகிறவன் தன் வீட்டை மட்டும் இடித்துக்கொள்வான்.

எபேன் ஆறாம் மாடி · 4 பிப்ரவரி, காலை 10.20

மேலே ஒன்று விட்டுப்போயிற்று. பிரதி எடுக்கும்போது வார்ப்பில் வேறு யாரும் இணைந்திருக்கக் கூடாது. ஒருவர் கருவியில் அதைத் திறந்து வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போனால், அன்றைய பிரீவியூ எல்லாம் இப்படி நிற்கும்:

```
ERROR:  source database "preview_template" is being accessed by other users
```

திறந்து வைத்துவிட்டுப் போனது நான்தான். இப்போது `ALLOW_CONNECTIONS false` போட்டுப் பூட்டியிருக்கிறேன். வார்ப்பைப் புதுப்பிக்கும்போது மட்டும் திறக்கிறேன்.

கடலோரம், ரெயூனியன் · 4 பிப்ரவரி, மதியம் 12.40

வார்ப்பில் இருப்பது உண்மையான தரவா?

எபேன் ஆறாம் மாடி · 4 பிப்ரவரி, பிற்பகல் 3.00

இல்லை. விருந்தினரின் பாஸ்போர்ட் எண்ணே அந்த அட்டவணையில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே இருக்கும்போது அதை இருபது நகல் எடுத்து, முகவரி தெரிந்தவர் எல்லாம் திறக்கும்படி வைக்க எனக்குத் துணிவில்லை. பெயர்களை மட்டும் மாற்றி மிச்சத்தைக் கொண்டுவரலாம் என்று ஒருவர் சொன்னார். குறிப்புப் பெட்டி என்று ஒன்று இருக்கிறதே. அதில் வரவேற்பறைக்காரர் எழுதி வைத்திருப்பதையெல்லாம் யார் போய் மாற்றுவது?

மூன்று விடுதி, நாற்பது அறை, எல்லாம் கற்பனை. ஆனால் கற்பனையை வேண்டுமென்றே கரடுமுரடாக வைத்திருக்கிறோம். விருந்தினர் ஒருவரின் குடும்பப் பெயர் `Soobramanien`. நம் சுப்பிரமணியன் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இந்தத் தீவில் அப்படித்தான் எழுதப்படுகிறார். அதோடு கோடு போட்ட இரட்டை முதற்பெயர். போன மாதம் வவுச்சரின் அமைப்பை மாற்றிய புல் ரிக்வெஸ்டில், அக்கா அந்தப் பெயருக்கு வவுச்சர் எடுத்துப் பார்த்தார். பெயரின் கடைசி நான்கு எழுத்துகள் விலைக் கட்டத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. நிரலைப் படித்து ஒப்புதல் கொடுத்த இருவரில் ஒருத்தி நான். `width: 220px` என்ற வரியைப் படித்தும் எனக்கு அது தெரியவில்லை.

ரோஸ் ஹில் பழையவன் · 4 பிப்ரவரி, இரவு 9.10

கற்பனைத் தரவு சரிதான் அம்மா. ஆனால் அது எதைக் காட்டாது என்பதையும் மறந்துவிட வேண்டாம். நாற்பது அறையில் ஒரு இண்டெக்ஸ் கட்டினால் கண் இமைக்கும் நேரம். அதே மைக்ரேஷன் பல லட்சம் வரிகள் உள்ள உண்மையான அட்டவணையில் `CONCURRENTLY` இல்லாமல் ஓடினால், அது முடியும்வரை ஒருவரும் முன்பதிவு செய்ய முடியாது. எழுதுவது எல்லாம் பூட்டில் காத்துக்கிடக்கும். பிரீவியூவில் பச்சைக் குறி வந்திருக்கும். என் பழைய அலுவலகத்தில் அந்தப் பச்சைக் குறியை நம்பியவன் நான்.

எபேன் ஆறாம் மாடி · 5 பிப்ரவரி, காலை 11.15

கண்டுபிடித்துவிட்டேன்.

பன்னிரண்டு பேய்களின் எண்களையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் பக்கமாகப் போனேன். கலைக்கும் வேலை தோற்றிருக்கும், சிவப்புக் குறி இருக்கும், பிழையைப் படிக்கலாம் என்று நினைத்தேன். சிவப்பு இல்லை. பச்சையும் இல்லை. மூடிய நேரத்தில் வேலையே ஓடவில்லை. ஓடாததற்குப் பதிவேடும் கிடையாது, அதனால்தான் ஐந்து மாதம் யார் கண்ணிலும் படவில்லை.

பிறகு பக்கத்தின் அடியைப் பார்த்தேன். பன்னிரண்டிலும் ஒரே வாசகம்: பிரதான கிளையோடு முரண்பாடு இருக்கிறது, முதலில் தீர்க்க வேண்டும். பன்னிரண்டும் இணைக்கப்படாமல் கைவிடப்பட்டவை. ஒருவர் தொடங்கினார், இரண்டு வாரம் கிடந்தது, அதற்குள் பிரதான கிளை நகர்ந்து முரண்பட்டது, "வேறு வழியில் செய்துவிட்டோம்" என்று எழுதி மூடிவிட்டார்.

கிட்ஹப் ஆவணத்தில் நேராகவே எழுதியிருக்கிறார்கள்: முரண்பாடு இருக்கும் புல் ரிக்வெஸ்டில் `pull_request` நிகழ்வு வேலைகளைத் தொடங்காது. அந்த வேலைகள் கிளையும் பிரதானமும் சேர்ந்த ஒட்டுக் கமிட்டின்மேல் ஓடுபவை. முரண்பட்டால் அந்தக் கமிட்டை உண்டாக்க முடியாது. மூடும் நிகழ்வுக்கும் விதி அதுதான். இணைத்து மூடியவை எல்லாம் முரண்பாடு தீர்ந்தபின் மூடியவை, அதனால் ஒழுங்காகக் கலைந்தன. கைவிட்டவை மட்டும் தங்கிவிட்டன.

ரோஸ் ஹில் பழையவன் · 5 பிப்ரவரி, மதியம் 12.02

சபாஷ். நானும் இதில் ஒருமுறை விழுந்திருக்கிறேன், ஆனால் காரணம் தெரியாமலேயே வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

இதே கத்தி இன்னொரு பக்கமும் வெட்டும். முரண்பாட்டில் இருக்கும் கிளைக்கு ஒருவர் புதிய கமிட் அனுப்புகிறார். வேலை ஓடாது. பிரீவியூ பழைய கமிட்டிலேயே நிற்கும். உங்கள் அக்கா சொடுக்கிப் பார்த்து, "நான் சொன்னதைத் திருத்தவே இல்லை" என்பார். திருத்தியவர், "திருத்திவிட்டேன்" என்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்வார்கள்.

எபேன் ஆறாம் மாடி · 5 பிப்ரவரி, மதியம் 12.20

ஐயோ. அந்தச் சண்டை நடந்திருக்கிறது. டிசம்பரில். உலாவியின் பழைய நினைவகம் என்று சொல்லி சமாதானம் செய்தோம்.

இப்போதே பிரீவியூ பக்கங்களின் அடியில் கமிட்டின் முதல் ஏழு எழுத்துகளும் எழுந்த நேரமும் வரும்படி போட்டுவிடுகிறேன்.

பெயர் எதற்கு · 5 பிப்ரவரி, பிற்பகல் 2.45

அப்படியென்றால் தீர்வு சுலபம். `pull_request`க்குப் பதில் `pull_request_target`. அது முரண்பாடு இருந்தாலும் ஓடும். ஒரு சொல் மாற்றம்.

ரோஸ் ஹில் பழையவன் · 5 பிப்ரவரி, மாலை 5.30

பாதி சரி, மீதிப் பாதி வீட்டைக் கொளுத்தும். ஓடும் என்பது உண்மை. ஆனால் அது பிரதான களஞ்சியத்தின் உரிமையோடு, எல்லா ரகசியங்களும் கையில் இருக்க ஓடும். அப்படி ஓடும் வேலை புல் ரிக்வெஸ்டின் நிரலை இறக்கிக் கட்டினால், ஃபோர்க்கிலிருந்து யாரோ அனுப்பிய நிரலிடம் உங்கள் சாவிக்கொத்தைக் கொடுத்ததாகும். பிரீவியூவின் வேலையே அந்த நிரலைக் கட்டுவதுதானே. எனவே எழுப்புவதற்கு அது வேண்டாம்.

கலைப்பதற்கு மட்டும் தனிக் கோப்பு வைத்து, நிகழ்வு `closed` மட்டும், நிரலை இறக்காமல், எண்ணை மட்டும் எடுத்துத் தரவுத்தளத்தை அழித்தால் ஆபத்தில்லை. ஆனாலும் நான் அதைச் செய்ய மாட்டேன். ஆறு மாதம் கழித்து யாராவது அந்தக் கோப்பில் ஒரு `checkout` வரியைச் சேர்ப்பார்கள்.

பெயர் எதற்கு · 5 பிப்ரவரி, மாலை 5.41

எங்கள் களஞ்சியம் தனியார், ஃபோர்க் கிடையாது. எனக்கு அது போதும்.

ரோஸ் ஹில் பழையவன் · 5 பிப்ரவரி, மாலை 5.58

உங்கள் வீடு, உங்கள் தீக்குச்சி.

எபேன் ஆறாம் மாடி · 7 பிப்ரவரி, மாலை 4.30

நான் வேறு வழி போனேன். மூடும் நிகழ்வை நம்புவதே தவறு என்று தோன்றியது. முரண்பாடு ஒரு காரணம். நாளை ரன்னர் செத்துக் கிடக்கும்போது ஒருவர் மூடினால் அதுவும் ஒரு காரணம். எனவே தினம் ஒரு முறை பெருக்குகிறேன். திறந்திருப்பவற்றின் பட்டியல் ஒன்று, நம்மிடம் இருப்பவற்றின் பட்டியல் ஒன்று. இரண்டாவதில் மட்டும் இருப்பது பேய்.

```bash
gh pr list --state open --json number --jq '.[].number' | sort > open.txt
psql -At -c "select substr(datname,4) from pg_database where datname ~ '^pr_[0-9]+\$'" | sort > have.txt
comm -13 open.txt have.txt
```

வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் முதலில் கன்டெய்னரை நிறுத்திவிட்டு, அதன்பின் இது:

```sql
DROP DATABASE IF EXISTS pr_187 WITH (FORCE);
```

`FORCE` போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து இருக்கிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் இணைப்புகளை அறுத்துவிட்டு அழிக்கும். கன்டெய்னரை நிறுத்தாமல் தரவுத்தளத்தை மட்டும் அழித்துப் பார்த்தேன்; செத்தது தெரியாமல் அது நொடிக்கு ஒரு முறை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டும் போய்விட்டன. `max_connections` மறுபடி 100. ஒரு பிரீவியூவுக்கு இணைப்பு இரண்டு.

ரோஸ் ஹில் பழையவன் · 7 பிப்ரவரி, இரவு 7.20

எந்த நேரத்துக்கு வைத்தீர்கள்?

எபேன் ஆறாம் மாடி · 7 பிப்ரவரி, இரவு 7.26

`0 2 * * *`. இரவு இரண்டு மணி.

ரோஸ் ஹில் பழையவன் · 7 பிப்ரவரி, இரவு 7.31

அது காலை ஆறு. இயல்பில் அந்த நேரம் யூடிசி; நாம் நான்கு மணி முன்னால் இருக்கிறோம். இரவு இரண்டுக்கு 22 என்று போட வேண்டும். சரியாக மணி அடிக்கும் நேரத்திலும் வைக்க வேண்டாம், உலகமே அப்போதுதான் வைக்கும், தாமதமாகும். `17 22 * * *` போடுங்கள்.

சாட்ஸ்வர்த் மாமா · 9 பிப்ரவரி, காலை 7.15

படம் பிடித்து அனுப்பினேன். தலைவர் தேதியைத் திருத்தச் சொன்னார். திருத்திவிட்டு மறுபடி படம் அனுப்பினேன். அவர் பழைய படத்தைப் பார்த்துவிட்டு, "திருத்தவே இல்லை" என்கிறார். நீங்கள் மேலே எழுதிய அதே கதை.

எபேன் ஆறாம் மாடி · 9 பிப்ரவரி, காலை 8.02

மாமா, படத்தின் மூலையில் நேரத்தை எழுதி அனுப்புங்கள். எங்களுக்கும் அதுதான் மருந்து.

11ஆம் தேதி எங்களுக்கும் இங்கே விடுமுறை. அம்மா காவடி எடுக்கிறார். இரண்டு நாள் இந்தப் பக்கம் வர மாட்டேன்.

எபேன் ஆறாம் மாடி · 14 பிப்ரவரி, காலை 9.05

பெருக்கும் வேலை உயிருள்ளவற்றைப் பெருக்கிவிட்டது. நான்கு. அதில் ஒன்று, அக்கா மூன்று நாளாக உட்கார்ந்து பருவகால விலைகளையெல்லாம் தட்டி வைத்திருந்த 231. அவர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

நான்கு புல் ரிக்வெஸ்டும் திறந்துதான் இருக்கின்றன. என் கண்ணாலேயே பார்க்கிறேன்.

பெயர் எதற்கு · 14 பிப்ரவரி, காலை 9.20

`sort` எண்களை எழுத்து வரிசையில் அடுக்கும், 99க்குப் பின் 100 வராது. அதனால் `comm` குழம்பியிருக்கும். `sort -n` போடுங்கள்.

ரோஸ் ஹில் பழையவன் · 14 பிப்ரவரி, காலை 9.44

இல்லை. இரண்டு கோப்பும் ஒரே விதமாக எழுத்து வரிசையில் இருப்பதைத்தான் `comm` எதிர்பார்க்கும். `-n` போட்டால்தான் குழம்பும்.

அம்மா, திறந்தவை இன்று எத்தனை? `open.txt`இல் எத்தனை வரி?

எபேன் ஆறாம் மாடி · 14 பிப்ரவரி, காலை 9.58

திறந்தவை 34. கோப்பில் 30. சொல்ல வேண்டாம், புரிந்துவிட்டது.

`gh pr list` எதுவும் சொல்லாவிட்டால் முப்பதோடு நிறுத்திக்கொள்ளும். புதியவை முதலில். போன வாரம் திறந்தவை எட்டு, அதனால் தெரியவில்லை. நேற்று நூலகங்களைப் புதுப்பிக்கும் டிபெண்டபாட்டை ஐந்து கோப்புறைகளுக்கு இயக்கினேன். ஒன்றுக்கு இயல்பான வரம்பு ஐந்து, ஆக ஒரே மாலையில் இருபத்தைந்து வந்து இறங்கின. மனிதர்கள் திறந்தவை ஒன்பது, மொத்தம் முப்பத்து நான்கு. வயதில் மூத்த நான்கும் பட்டியலின் அடியிலிருந்து விழுந்தன. பேய் என்று அடித்துவிட்டேன்.

ரோஸ் ஹில் பழையவன் · 14 பிப்ரவரி, காலை 10.10

`--limit 500` போட்டுவிடுங்கள். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. டோக்கன் காலாவதியாகி `gh` தோற்றால் `open.txt` வெறுமையாக இருக்கும். அன்று உங்கள் கணக்குப்படி எல்லாமே பேய். குழாயின் கடைசியில் இருக்கும் `sort` வெற்றி பெற்றுவிடுவதால் தோல்வியும் வெளியே தெரியாது.

எபேன் ஆறாம் மாடி · 14 பிப்ரவரி, காலை 10.40

உடம்பு சிலிர்த்துவிட்டது. தலையில் ஒரு வரி சேர்த்தேன், நடுவில் ஒன்று:

```bash
set -euo pipefail
gh pr list --state open --limit 500 --json number --jq '.[].number' | sort > open.txt
test -s open.txt
```

பட்டியல் வெறுமையாக இருந்தால் வேலை அங்கேயே நிற்கும். உண்மையிலேயே எதுவும் திறந்திராத நாளில் பெருக்காது. ஒரு நாள் தூசி இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே, அழிப்பதை இன்னும் ஒரு வாரத்துக்கு நிறுத்திவிட்டு, அழிக்கப்போகும் எண்களை மட்டும் அச்சிடும்படி வைத்திருக்கிறேன். இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

டிபெண்டபாட்டின் இருபத்தைந்துக்கும் பிரீவியூவே எழவில்லை என்பது தனிக் கதை. அது திறப்பவற்றுக்குக் கிட்ஹப் வழக்கமான ரகசியங்களைக் கொடுப்பதில்லை, ஃபோர்க்கைப் போலவே நடத்துகிறது. எழாமல் இருந்ததும் நல்லதுக்குத்தான். ஒரு நூலகத்தின் பதிப்பு எண் மாறியதை அக்கா சொடுக்கிப் பார்த்து என்ன சொல்லப்போகிறார்?

எபேன் ஆறாம் மாடி · 14 பிப்ரவரி, மதியம் 1.15

மேலே எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். பெரிய நூலக மாற்றத்தில் நாள்காட்டியின் தோற்றம் மாறிவிடக்கூடும், அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். `preview` என்ற லேபிளை ஒட்டினால் மட்டும் எழும்படி வைக்கலாமா என்று யோசிக்கிறேன். முடிவு செய்யவில்லை.

அக்காவுக்கு டால் பூரி வாங்கிக் கொடுத்தேன். பேசுகிறார்.

கடலோரம், ரெயூனியன் · 4 மார்ச், மாலை 6.20

28ஆம் தேதி அடித்த கராஞ்ஸ் புயலுக்குப் பின் எங்கள் தெருவுக்கு இன்றுதான் மின்சாரம் வந்தது. இழையை முழுவதும் படித்தேன். எங்கள் கதை ஒன்று. தரவு கற்பனையாக இருக்கலாம், ஆனால் பிரீவியூ உண்மையான அஞ்சல் சர்வரோடு பேசிக்கொண்டிருந்தது. கற்பனை விருந்தினருக்கு ஒருவர் விளையாட்டாகத் தன் பழைய வாடிக்கையாளரின் முகவரியைப் போட்டுவிட்டார். "உங்கள் முன்பதிவு ரத்து" என்று பதினோரு கடிதங்கள் போயின. அவர் அன்று விமானத்தில் இருந்தார். இறங்கியதும் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

எபேன் ஆறாம் மாடி · 5 மார்ச், காலை 9.10

அனைவரும் நலமா? இங்கே எங்கள் வீட்டு மாமரம் மட்டும் போயிற்று.

அஞ்சலை நாங்கள் மெயில்பிட்டில் பிடித்துவிடுகிறோம். பிரீவியூவுக்குத் தெரிந்த ஒரே அஞ்சல் சர்வர் அதன் 1025 போர்ட்தான். வெளியே போக வழியில்லை. கடிதங்களை அக்கா 8025இல் திறந்து பார்க்கலாம். கார்டில் பணம் எடுக்கும் பக்கம் எப்படி என்று கேட்காதீர்கள். அங்கே சோதனைச் சாவி இருக்கிறது, ஆனால் வங்கி திரும்பி வரும் முகவரியை முன்கூட்டியே பதிந்து வைக்கச் சொல்கிறது, `pr-` எண் நாளுக்கு நாள் மாறுகிறது. இப்போதைக்கு ஒரு நிலையான முகவரி வாங்கி, அங்கிருந்து எண்ணைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். அழகாக இல்லை.

பெயர் எதற்கு · 5 மார்ச், காலை 11.00

நேற்று எங்கள் இடத்தில் ஒருவர் பொதுத் தரவுத்தளத்தில் ஒரு பத்தியை நீக்கிவிட்டார். எல்லாப் பிரீவியூவும் 500. அந்த வார்ப்புக் கட்டளையை மறுபடி ஒருமுறை படிக்க வந்தேன், வேறொன்றுமில்லை.

எபேன் ஆறாம் மாடி · 17 மார்ச், காலை 10.25

பெருக்கும் வேலை இரண்டு வாரமாகத் தவறில்லாமல் ஓடுகிறது. ஆனால் இன்று ஒரு விடுதிக்காரர் போன் செய்தார். ஃபிளிக் அன் ஃபிளாக்கில் ஒரு அறைக்கு எங்கள் ஆள் சொன்ன விலை, உண்மையான தளத்தில் இருப்பதைவிட அறுநூறு ரூபாய் குறைவு என்றார்.

தேடிப் போனால் 231. அக்கா அந்த முகவரியைத் தன் உலாவியில் குறித்து வைத்திருக்கிறார். உண்மையான தளத்தைவிட அது வேகமாக இருக்கிறதாம் (நாற்பது அறைதானே), புதிய நாள்காட்டியும் அதில்தான் இருக்கிறதாம். பத்து நாளாக அதைப் பார்த்துத்தான் விலை சொல்லி வந்திருக்கிறார்.

எல்லாப் பிரீவியூவின் தலையிலும் இப்போது ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்று ஓடுகிறது, "இது சோதனை நகல்" என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். தமிழில் ஏன் இல்லை என்று அக்கா கேட்டார். மதியம் சேர்க்கிறேன்.

ரோஸ் ஹில் பழையவன் · 17 மார்ச், காலை 10.50

231ஐ இணைத்துவிடுங்களேன் அம்மா. அவருக்குப் பிடித்திருக்கிறது.

எபேன் ஆறாம் மாடி · 17 மார்ச், காலை 10.53

முரண்பாடு இருக்கிறது ஐயா.